ஏலச்சீட்டுக்கு விளம்பர வாசகம் எழுதுதல்: நிபந்தனையும் அபாயமும் மறையாத முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் நடைபெறும் சிறுசேமிப்பில் கணிசமான பங்கு சீட்டு வழியாகவே நடக்கிறது. களியக்காவிளை முதல் ஆரல்வாய்மொழி வரை எந்தச் சந்தையில் நின்று கேட்டாலும், சீட்டு என்றும் சிட்டி என்றும் இரண்டு பெயர்களிலும் அது பேச்சில் வரும். இப்போது அந்தச் சீட்டுகளுக்கு ஆள் சேர்ப்பது திண்ணைப் பேச்சாக மட்டும் நிற்கவில்லை. வாட்ஸ்அப் நிலையில் ஒரு படம், அதன் கீழே நான்கு வரி என்று மாறிவிட்டது. அந்த நான்கு வரியை எப்படி எழுதுவது என்பதே இவ்வழிகாட்டியின் பொருள். நகைக்கடைச் சேமிப்புத் திட்டம், அஞ்சலகச் சேமிப்பு, சுய உதவிக் குழு ஆகியவற்றுக்கு வேறு விதிகள் உண்டு. அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. பதிவு பெற்ற ஏலச்சீட்டு ஒன்றை மட்டும் எடுத்து, அதன் வாசகத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எழுதிப் பார்ப்போம்.

எழுதத் தொடங்கும் முன்

முதலில் மேசைமேல் இருக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, சீட்டுப் பதிவாளரிடமிருந்து பெற்ற முன் அனுமதி ஆணை. மற்றொன்று, உறுப்பினர்கள் கையெழுத்திடவுள்ள சீட்டு உடன்படிக்கை. 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம், பிரிவு 4-இல், முன் அனுமதி இல்லாமல் சீட்டு தொடங்கக் கூடாது என்கிறது. அதை அடுத்த பிரிவு 5 நமக்கு இன்னும் நெருக்கமானது. சீட்டில் சேருமாறு பொதுமக்களை அழைக்கும் அறிவிப்பு, சுற்றறிக்கை அல்லது வேறு ஆவணம் எதிலும், முன் அனுமதி பெறப்பட்டுள்ளது என்ற செய்தியும் அந்த அனுமதியின் விவரங்களும் இருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. “வெறும் ஸ்டேட்டஸ்தானே, இது விளம்பரமா?” என்று கேட்பவர்கள் உண்டு. ஆள் சேர்க்கும் நோக்கத்தோடு பொதுவில் வைக்கும் எழுத்து எந்தத் திரையில் இருந்தாலும் அழைப்புதான் என்று கொள்வதே பாதுகாப்பு. ஆணை கையில் வரவில்லையென்றால் வாசகம் எழுதும் வேலையே இல்லை. “விரைவில்” என்று முன்னோட்டமாகப் போடுவதையும் தவிர்க்க வேண்டும்.

உடன்படிக்கை வேண்டும் என்பதற்குக் காரணம் வேறு. வாசகத்தில் வரும் ஒவ்வோர் எண்ணும் அதிலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். முகவர் வாய்ச்சொல்லாகச் சொன்னது, சென்ற குழுவில் நடந்தது, பக்கத்து நிறுவனத்தின் நோட்டீஸில் கண்டது ஆகியவற்றைக் கலந்து எழுதினால், பின்னாளில் ஒருவர் உடன்படிக்கையையும் வாசகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இரண்டும் பொருந்தாது. தகராறுகள் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் முளைக்கின்றன.

எடுத்துக்காட்டுச் சீட்டு

தக்கலைப் பக்கம் இயங்கும் ஒரு சிறு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். சீட்டுத் தொகை ரூ.1,00,000. உறுப்பினர் 20 பேர், 20 மாதம், மாதத் தவணை ரூ.5,000. நடத்துபவராகிய ஃபோர்மேனின் கமிஷன் 5%, அதாவது மாதம் ரூ.5,000. (2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கமிஷனின் உச்சவரம்பை 5%-இலிருந்து 7% ஆக உயர்த்தியது, நம் நிறுவனம் 5% மட்டுமே எடுக்கிறது.) உடன்படிக்கைப்படி முதல் மாதச் சீட்டைக் கழிவில்லாமல் ஃபோர்மேன் எடுத்துக்கொள்வார். இரண்டாம் மாதத்திலிருந்து ஏலம். சீட்டுத் தொகையில் அதிகம் விட்டுக்கொடுக்க முன்வருபவர் அந்த மாதச் சீட்டை எடுப்பார், அவர் விட்டுக்கொடுக்கும் தொகையே கழிவு. ஏலக் கழிவு குறைந்தது 5%, கூடியது 30%. கமிஷன் அந்தக் கழிவுக்குள்ளேயே அடங்கும். மீதிக் கழிவை, சீட்டு எடுத்தவர், எடுக்காதவர் என்ற பேதமின்றி 20 பேருக்கும் சமமாகப் பிரிப்பார்கள். கமிஷன்மீது 18% ஜி.எஸ்.டி., அதாவது ரூ.900, ஏலம் எடுத்தவரின் தொகையிலிருந்து கழியும்.

ஒரு மாதத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் கணக்கு எளிது. ஒருவர் ரூ.30,000 கழிவுக்கு ஏலம் எடுக்கிறார். அவருக்குரியது ரூ.70,000, ஜி.எஸ்.டி. போகக் கையில் ரூ.69,100. கழிவு ரூ.30,000-இல் ஃபோர்மேனுக்கு ரூ.5,000 போக, ரூ.25,000 மிஞ்சும். அதை 20 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ரூ.1,250. எனவே அந்த மாதம் ஒவ்வொருவரும் ரூ.5,000-க்குப் பதில் ரூ.3,750 கட்டினால் போதும்.

இந்த ரூ.3,750-தான் விளம்பரக்காரர்களுக்குப் பிடித்த எண். “மாதம் 3,750 கட்டி ஒரு லட்சம் பெறுங்கள்” என்ற வாசகம் இதிலிருந்தே பிறக்கிறது. அதில் உள்ள இரண்டு எண்களும் தனித்தனியே உண்மை. ஆனால் இரண்டும் ஒரே ஆளுக்கு ஒருபோதும் பொருந்தாது. ஃபோர்மேனைத் தவிர வேறெவரும் முழு லட்சம் பெறுவதில்லை. ஒருவரும் 20 மாதமும் ரூ.3,750 கட்டுவதில்லை. பொய் என்று சுட்டிக்காட்ட முடியாத பொய்களில் இது தலையாயது.

வாசகத்துக்கு முன் இரண்டு கணக்குகள்

ஆதாயம் உறுதி என்று ஏன் எழுதக் கூடாது என்பதற்குச் சட்டத்தைவிடத் தெளிவான விடை கணக்கில் இருக்கிறது. அதே சீட்டை இரண்டு விதமாக ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் வாசகம் எழுதும் முன் இதை ஒரு தாளில் போட்டுவிடுவது நல்லது.

முதல் கணக்கில், ஏலத்தில் நல்ல போட்டி இருக்கிறது. 2 முதல் 6 வரையான ஐந்து மாதங்களில் கழிவு ரூ.30,000, 7 முதல் 12 வரை ரூ.20,000, 13 முதல் 19 வரை ரூ.10,000, கடைசி மாதத்தில் போட்டியிட ஆளில்லாததால் கமிஷன் மட்டும் கழிகிறது. அப்படியானால் ஆளுக்குக் கிடைக்கும் கழிவுப் பங்கு முதல் கட்டத்தில் மாதம் ரூ.1,250, அடுத்த கட்டத்தில் ரூ.750, பிறகு ரூ.250. எல்லாம் கூட்டினால் ரூ.12,500. ஆக, 20 மாதத்தில் ஒருவர் உண்மையில் கட்டியது ரூ.87,500. கடைசியில் எடுப்பவருக்கு ரூ.95,000-இல் ஜி.எஸ்.டி. போக ரூ.94,100 கிடைக்கிறது. ரூ.6,600 மிச்சம். பணம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டப்பட்டதைக் கணக்கில் கொண்டால் ஏறத்தாழ ஆண்டுக்கு 10% என்று சொல்லலாம். மோசமில்லை.

இரண்டாம் கணக்கில், அந்தக் குழுவில் அவசரத் தேவைக்காரர்கள் குறைவு. 2 முதல் 19 வரையான 18 மாதங்களிலும் கழிவு ரூ.10,000-க்குமேல் போகவில்லை. பங்கு மாதம் ரூ.250 வீதம் மொத்தம் ரூ.4,500. ஒருவர் கட்டியது ரூ.95,500. கடைசியில் எடுத்தவர் பெற்றது அதே ரூ.94,100. இருபது மாதம் தவணை தவறாமல் கட்டியவருக்கு ரூ.1,400 நட்டம்.

நிறுவனம் ஒன்றே, உடன்படிக்கை ஒன்றே, யாரும் ஏமாற்றவில்லை, ஒரு தவணைகூடத் தவறவில்லை. அப்படியிருந்தும் ஒரு குழுவில் மிச்சம், இன்னொன்றில் நட்டம். உறுப்பினருக்குக் கிடைக்கும் ஆதாயத்தை நிர்ணயிப்பது ஃபோர்மேன் அல்லர். உடன் சேர்ந்திருக்கும் மற்றவர்களுடைய பணத்தேவைதான். இன்னும் சேராதவர்களுடைய தேவையை முன்கூட்டியே அறிந்து ஆதாயத்தை அறிவிக்க எவராலும் முடியாது. “உறுதியான லாபம்” என்ற சொற்களை நீக்க வேண்டும் என்று சொல்லும்போது பல நிறுவனத்தினர் முகம் சுளிப்பார்கள். இந்த இரண்டாம் கணக்கை அவர்கள் முன்னால் வைத்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

முன்கூட்டி எடுப்பவரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். முதல் கணக்கில் இரண்டாம் மாதமே ரூ.69,100 பெற்றவர், மொத்தம் கட்டுவது ரூ.87,500. இடைவெளி ரூ.18,400. அவருக்கு இது சேமிப்பல்ல, கடன். அதன் விலை மாதம் நூற்றுக்கு இரண்டரை ரூபாய் வட்டியைத் தாண்டுகிறது. அவசரத்துக்குக் கந்துவட்டியைவிட இது மேல் என்று அவர் கருதலாம். அது அவருடைய முடிவு. ஆனால் “வட்டியில்லாப் பணம்” என்று வாசகத்தில் எழுத நமக்கு உரிமையில்லை.

முதல் வரி: எது, எவ்வளவு, எத்தனை பேர்

இனி எழுதலாம். முதல் வரியில் பொருளைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். “கனவு இல்லம்”, “மகள் திருமணத்துக்கு ஒரு வழி” போன்ற தலைப்புகளுக்குக் கீழே ஏலச்சீட்டு என்ற சொல்லே வராத படங்களை நிறையக் காணலாம். பார்ப்பவர் அதை வைப்புத் திட்டம் என்று எண்ணிக்கொள்கிறார். ஆகவே முதல் வரி இப்படி இருக்கட்டும்: “ரூ.1,00,000 ஏலச்சீட்டு, 20 மாதம், 20 உறுப்பினர்.” திருமணப் படம் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம், இந்த வரி அதன் மேலேயே வர வேண்டும்.

தவணை: உச்சத்தை எழுதுங்கள்

தவணையைக் குறிக்கும்போது எப்போதும் அதிகபட்சத் தொகையை எழுத வேண்டும். குடும்பம் வரவு செலவைத் திட்டமிடுவது அந்த எண்ணை வைத்துத்தான். கழிவால் குறையலாம் என்பதைப் பின்னால் சேர்க்கலாம். ஆனால் குறைந்த தொகையைப் பெரிதாகவும் அதிகபட்சத்தைச் சிறிதாகவும் போடக் கூடாது. “ரூ.3,750 முதல்” என்ற வடிவமும் சரியல்ல, அந்த “முதல்” என்ற சொல்லைக் கண் தாண்டிப் போய்விடும்.

முதல் மாதம் ஃபோர்மேன் கழிவின்றி எடுப்பதால் அந்த மாதம் எல்லோரும் முழு ரூ.5,000 கட்ட வேண்டும். இதைச் சட்டம் அனுமதிக்கிறது; ஃபோர்மேனும் தம் பங்குக்கு 20 மாதமும் கட்டுகிறார். ஆகவே மறைக்க ஒன்றுமில்லை. இருந்தும் வாசகங்களில் இதைக் காண்பது அரிது. சேர்ந்த பிறகு தெரிந்துகொள்ளும் உறுப்பினருக்கு, நியாயமான ஏற்பாடுகூடக் கள்ளத்தனமாகத் தோன்றிவிடும். ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

கையில் கிடைப்பது: இரு எல்லையும் வேண்டும்

கிடைக்கும் தொகையை ஒற்றை எண்ணாக எழுதாமல், இரு எல்லைகளையும் எழுத வேண்டும். நம் சீட்டில் அது ரூ.70,000 முதல் ரூ.95,000 வரை, இரண்டிலும் ஜி.எஸ்.டி. ரூ.900 கழியும். “ஒரு லட்சம்” என்பது சீட்டின் அளவைக் குறிக்கும் பெயராக முதல் வரியில் வந்துவிட்டது. அதைப் பெறும் தொகையாக எங்கும் திரும்பச் சொல்லக் கூடாது.

முகவர்கள் பொதுவாகக் கேட்பது, சென்ற குழுவில் கடைசியாக எடுத்தவருக்கு எவ்வளவு மிச்சமானது என்பதைப் போடலாமா என்று. போடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. போட்டே ஆக வேண்டும் என்றால், முடிந்த எல்லாக் குழுக்களிலும் மிகக் குறைவாகப் பெற்றவரின் கணக்கையும் அதனருகிலேயே அதே எழுத்தளவில் போட வேண்டும். அந்த நிபந்தனையைக் கேட்டதும் பெரும்பாலோர் யோசனையைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

கழிவில் வரும் பங்கை டிவிடெண்ட் என்று எழுதும் பழக்கம் பரவலாக உள்ளது. 2019 திருத்தம் சட்டத்தில் அச்சொல்லை நீக்கி, கழிவில் பங்கு என்ற பொருளுடைய தொடரை வைத்தது. வாசகத்திலும் கழிவுப் பங்கு என்றே எழுதுங்கள். டிவிடெண்ட் என்றால் நிறுவனம் ஈட்டிய லாபத்தில் தரும் பங்கு என்று படிப்பவர் நினைப்பார். இங்கே யாரும் எதையும் ஈட்டவில்லை. அவசரக்காரர் விட்டுக்கொடுத்த பணம் மற்றவர்களுக்குப் பிரிகிறது.

ஜாமீன்: அதிகம் விடுபடும் வரி

சீட்டைப் பற்றிய மனக்குறைகளில் நான் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான்: ஏலம் எடுத்தாயிற்று, பணம் மட்டும் கைக்கு வரவில்லை. காரணம் பெரும்பாலும் மோசடி அல்ல. ஏலம் எடுத்தவர், இனி கட்ட வேண்டிய தவணைகளுக்குப் போதிய பிணை கொடுத்த பிறகே தொகையைப் பெற முடியும் என்பது சட்டத்திலேயே உள்ள ஏற்பாடு. இரண்டாம் மாதம் எடுத்தவர் இன்னும் 18 தவணை கட்ட வேண்டியவர். அவர் நின்றுவிட்டால் மற்றவர்களுக்குக் கொடுக்கப் பணம் இருக்காது. ஆகவே பிணை கேட்பது நியாயம். கேட்கப்போகிறோம் என்பதை முதலிலேயே சொல்லாதது அநியாயம்.

நிறுவனங்கள் பொதுவாக ஏற்பது சம்பளச் சான்றிதழ் காட்டக்கூடிய ஜாமீன்தாரர் அல்லது சொத்து ஆவணம். குலசேகரம் பக்கத்து ரப்பர் பால்வெட்டும் தொழிலாளிக்கோ, முட்டத்தில் கடலுக்குப் போகிறவருக்கோ, சம்பளச் சான்றிதழ் உள்ள இரண்டு பேரைக் கூட்டி வருவது எளிதல்ல. தமக்கு அப்படி ஆள் இல்லை என்று தெரிந்தால், இடையில் எடுக்கும் எண்ணத்தோடு அவர் சேரவே மாட்டார். அல்லது கடைசிவரை காத்திருந்து எடுக்கும் மனநிலையோடு சேருவார். எந்த வகை ஜாமீன், எத்தனை பேர், ஆவணங்கள் சரியாக இருந்தால் எத்தனை நாளில் பணம் என்ற மூன்றையும் உடன்படிக்கையில் உள்ளபடி ஒரு வரியில் எழுத வேண்டும். “எளிய நடைமுறை” என்று எழுதுவது எதையும் எழுதாததற்குச் சமம்.

தவணை தவறினால்

இந்த மாவட்டத்தில் வருமானம் நின்றுபோகும் மாதங்கள் எவை என்பது எல்லோருக்கும் தெரியும். மேற்குக் கடலோரத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், கிழக்குக் கடலோர வரம்பில் வரும் பகுதியில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மழை பிடித்துக்கொண்டால் ரப்பர் வெட்டு நிற்கும். இலையுதிர் காலத்திலும் நிற்கும். 20 மாதச் சீட்டு இப்படிப்பட்ட காலங்களை ஒருமுறையாவது கடந்தே தீரும். ஆகவே தவணை தவறுவது எங்கோ நடக்கும் விபத்தாகக் கருதத்தக்கதல்ல. எழுதும்போதே எதிர்பார்க்க வேண்டிய ஒன்று.

வாசகத்தில் சொல்ல வேண்டியது மூன்று செய்தி. தாமதத்துக்கு எவ்வளவு வட்டி அல்லது அபராதம். கழிவுப் பங்கு அந்த மாதம் கிடைக்குமா, பறிபோகுமா. இன்னும் எடுக்காத ஒருவர் தொடர்ந்து தவறினால் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கப்படலாம் என்பதும், அப்போது அவர் கட்டிய பணம் எந்தப் பிடித்தத்தோடு எப்போது திரும்பும் என்பதும். கடைசிச் செய்தி கசப்பானது. நடுவில் விலகினால் கட்டியது உடனே முழுதாகக் கையில் வந்துவிடும் என்றுதான் பலர் எண்ணுகிறார்கள். அவ்வாறு இல்லை என்று எழுதினால் சேருபவர் எண்ணிக்கை சற்றுக் குறையலாம். அவ்வாறு குறைபவர்கள் நடுவில் நின்று குழுவையே தடுமாறச் செய்திருக்கக் கூடியவர்கள்.

அபாயம்: பாதுகாப்பு என்ற சொல்லை அளந்து பயன்படுத்துங்கள்

“அரசு அங்கீகாரம், 100% பாதுகாப்பு” என்ற இணை எங்கும் காணப்படுகிறது. பதிவு என்பது, சட்டப்படி அனுமதி பெற்று, பதிவாளரின் கண்காணிப்புக்கு உட்பட்டு நடக்கிறது என்பதைக் குறிக்கும். அது முக்கியமானது, பதிவில்லாத சீட்டுக்கும் இதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. ஆனால் நிறுவனம் நொடித்தால் அரசு பணம் தரும் என்று அதற்குப் பொருளில்லை. வங்கி வைப்புகளுக்கு ரூ.5 லட்சம் வரை உள்ள வைப்புக் காப்பீடு சீட்டுக்குக் கிடையாது.

ஃபோர்மேன் பதிவாளரிடம் பிணை வைக்கிறார் என்பதையும் சிலர் முழுப் பாதுகாப்பாகக் காட்டுகிறார்கள். அந்தப் பிணையின் அளவைப் பாருங்கள். அது ஒரு மாதச் சீட்டுத் தொகையை ஒட்டியது. நம் சீட்டில் ஒரு லட்சம் என்று கொள்ளலாம். முதல் கணக்கின்படி பத்தாம் மாதம் முடியும்போது ஒருவர் கட்டியிருப்பது ரூ.40,750. அதுவரை எடுக்காதவர் 10 பேர். அவர்கள் பணம் மட்டும் ரூ.4,07,500. அது பெரும்பாலும் எடுத்தவர்களின் வருங்காலத் தவணைகளில் கட்டுண்டு கிடக்கிறது. அவை வசூலானால்தான் திரும்பும். ஆகவே பிணை வைக்கப்பட்டுள்ளது என்று உண்மையாக எழுதலாம். அதை வைத்து முழுப் பணமும் பத்திரம் என்று எழுதக் கூடாது.

அபாயத்தை எழுதும்போது “நிபந்தனைகளுக்கு உட்பட்டது” என்ற இரண்டு சொல்லில் அடைத்துவிடும் வழக்கம் பயனற்றது. எந்த நிபந்தனை, அதனால் யாருக்கு என்ன ஆகும் என்று சொன்னால்தான் அது அபாய அறிவிப்பு. “ஏலப் போட்டி குறைந்தால், கடைசியில் எடுப்பவர் கட்டியதைவிடக் குறைவாகப் பெறக்கூடும்” என்பது அப்படிப்பட்ட வரி. நம் இரண்டாம் கணக்கு முழுவதும் அந்த ஒற்றை வரியில் இருக்கிறது.

முழு வாசகம்

இதுவரை சொன்னவற்றைச் சேர்த்தால் கிடைப்பது கீழே உள்ளது. கோடிட்ட இடங்களை ஆணையிலும் உடன்படிக்கையிலும் உள்ளவாறு நிரப்ப வேண்டும்.

> ரூ.1,00,000 ஏலச்சீட்டு, 20 மாதம், 20 உறுப்பினர்
>
> மாதத் தவணை அதிகபட்சம் ரூ.5,000. ஏலக் கழிவு கிடைக்கும் மாதங்களில் தவணை குறையலாம். எவ்வளவு குறையும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது.
>
> முதல் மாதச் சீட்டை நிறுவனம் கழிவின்றி எடுத்துக்கொள்ளும். 2-ஆம் மாதம் முதல் ஏலம். கழிவு 5% முதல் 30% வரை. எடுப்பவருக்கு ரூ.70,000 முதல் ரூ.95,000 வரை கிடைக்கும், அதில் ஜி.எஸ்.டி. ரூ.900 கழியும்.
>
> நிறுவனக் கமிஷன் 5%. அது கழிவுக்குள் அடங்கும். மீதிக் கழிவு 20 பேருக்கும் சமமாகப் பிரியும்.
>
> ஏலத் தொகையைப் பெற ____ ஜாமீன் தேவை. ஆவணங்கள் சரியாக இருந்தால் ____ நாளில் தொகை வழங்கப்படும்.
>
> தவணை தாமதமானால் ____. தொடர்ந்து தவறினால் உறுப்பினர் நீக்கப்படலாம். கட்டிய பணம் உடனே திரும்பக் கிடைக்காது, ____ பிடித்தம் போக ____ வழங்கப்படும்.
>
> இது வங்கி வைப்பு அல்ல. வைப்புக் காப்பீடு இல்லை. ஆதாயத்துக்கு உறுதி இல்லை. ஏலப் போட்டி குறைந்தால், கடைசியில் எடுப்பவர் கட்டியதைவிடக் குறைவாகப் பெறக்கூடும். முன்கூட்டி எடுப்பவர் பெறுவதைவிடக் கூடுதலாகக் கட்ட நேரும்.
>
> சீட்டு நிதிச் சட்டம் 1982-இன் கீழ் முன் அனுமதி பெறப்பட்டது: ஆணை எண் ____, நாள் ____, அலுவலகம் ____. சேரும் முன் உடன்படிக்கையைக் கேட்டு வாங்கிப் படிக்கவும்.

இது நீளம் என்று சொல்வார்கள். சமூக ஊடகங்களில் முதல் ஓரிரு வரிகளே தெரியும், மற்றவை “மேலும்” என்பதைத் தொட்டால்தான் விரியும். அதனால் படத்தின் மீதே ஐந்து செய்திகள் இடம்பெற வேண்டும்: சீட்டின் பெயரும் அளவும், அதிகபட்சத் தவணை, கையில் கிடைப்பதன் இரு எல்லைகள், ஆதாயத்துக்கு உறுதி இல்லை என்ற வரி, அனுமதி ஆணையின் எண்ணும் நாளும். தவணை எந்த எழுத்தளவில் இருக்கிறதோ அதே அளவில் உறுதி இல்லை என்ற வரியும் இருக்கட்டும். படம் வாட்ஸ்அப்பில் கைமாறும்போது கீழே எழுதிய வாசகம் பெரும்பாலும் உதிர்ந்து, படம் மட்டுமே பயணம் செய்யும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்; இந்த ஐந்தையும் படத்தில் பதிப்பதற்கு அதுவே முதற்காரணம்.

வெளியிடும் முன் ஒரு சோதனை

சீட்டில் சம்பந்தமில்லாத ஒருவரிடம் படத்தையும் வாசகத்தையும் காட்டி, அவர் படித்தபின் இரண்டையும் எடுத்துவிட்டு, மூன்று கேள்வி கேளுங்கள். மாதம் அதிகமாக எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும்? நடுவில் எடுத்தால் பணம் பெற என்ன கொண்டுபோக வேண்டும்? கடைசியில் எடுத்தால் நட்டம் வரக்கூடுமா? மூன்றாவது கேள்விக்கு “வராது” என்று விடை வந்தால் வாசகம் தோற்றது. அபாய வரியை மேலே ஏற்ற வேண்டும். கருங்கல் சந்தையில் காய்கறி விற்கும் ஓர் அக்கா, இதுபோன்ற ஒரு வாசகத்தைப் படித்துவிட்டு, “அண்ணாச்சி, கடைசி மாசம் எடுத்தா லெச்சம் ரூவா முழுசா கிட்டுமா?” என்று கேட்டார். கையில் கிடைக்கும் தொகை என்ன என்ற வரி அதில் இருந்தது; ஆனால் ஆறாவது வரியாக இருந்தது. அதை இரண்டாவது வரியாக மாற்றியபின் அந்தக் கேள்வி எழவில்லை.

முகவர்களுக்கு அனுப்பும்போது சொற்களை மாற்றவோ, தம் பெயரில் வேறு வரி சேர்க்கவோ கூடாது என்று எழுத்தில் தெரிவிப்பது அவசியம். “நம்ம ஆளுங்க, நம்பிப் போடலாம்” என்று முகவர் தன் வாட்ஸ்அப் நிலையில் எழுதிய ஒரு வரி, மேலே நீங்கள் கவனமாக எழுதிய அத்தனையையும் அழித்துவிடும். அதற்கும் நிறுவனமே பதில் சொல்ல நேரும்.

ஒவ்வொரு குழுவுக்கும் தனி வாசகம் வேண்டும். தொகையும் மாதமும் ஒன்றாக இருந்தாலும் அனுமதி ஆணை வேறாக இருக்கும். பழைய படத்தில் எண்ணை மாற்றாமல் மீண்டும் போட்டால் அது அனுமதியில்லாத அழைப்பாகிவிடும். வெளியிட்ட படத்தின் நகலை, வெளியிட்ட நாளைக் குறித்து, அந்தக் குழுவின் உடன்படிக்கையோடு ஒரே கோப்பில் வையுங்கள். 20 பேரும் சேர்ந்து முடிந்த அன்றே படத்தை எல்லா இடங்களிலிருந்தும் எடுத்துவிட்டு, முகவர்களும் எடுத்துவிட்டார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.